பங்குனி என்றால் மார்ச் இல்லை

திருவிழா அழைப்பிதழும் கல்யாணப் பத்திரிகையும் இப்போது பல வீடுகளில், பல ஊர்களில் இரண்டு மொழிகளில் அச்சாகின்றன. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழ்ப் பக்கத்தில் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஆங்கிலப் பக்கத்துக்கு வரும்போது அந்த வரிசை இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி, பங்குனியை மார்ச் என்றும் கார்த்திகையை நவம்பர் என்றும் தைப்பூசத்தை ஜனவரிப் பௌர்ணமி என்றும் எழுதிவிடுகிறார்கள். முதல் வழியில் தகவல் குறைகிறது. இரண்டாம் வழியில் தகவல் தவறாகிறது. இந்த இரண்டு வழியும் இல்லாமல், காலக்கணக்கு கெடாமல் ஆங்கிலத்தில் எழுத முடியும் என்பதை இந்தப் பதிவில் ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்லப்போகிறேன்.

என் வாதம் இதுதான். நம் விழாப் பெயர்களில் பல, பெயர்கள் மட்டுமல்ல. அந்த நாளைக் கண்டுபிடிக்கும் விதியும் அவைதான். 'பங்குனி உத்திரம்' என்று சொன்னாலே, பங்குனி மாதத்தில் உத்திர நட்சத்திரம் கூடிய நாள் என்று விதி சொல்லப்பட்டுவிட்டது. ஆங்கிலத் தேதி அந்த விதிக்கு அந்த ஆண்டு கிடைக்கும் விடை. விதி மாறாது, விடை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே ஆங்கில அழைப்பிதழில் பெயர் பெயராகவே இருக்க வேண்டும், தேதி முழுத் தேதியாக இருக்க வேண்டும், விதி ஒரு சிறு வரியில் விளக்கமாக இருக்க வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் பிழை வருகிறது.

ஒரு மாதிரி வரியை எடுத்துக்கொள்வோம். 'நிகழும் குரோதி ஆண்டு பங்குனித் திங்கள் 28ஆம் நாள் வெள்ளிக்கிழமை, உத்திர நட்சத்திரம் கூடிய சுபதினத்தில் திருக்கல்யாணம்.' 2025ஆம் ஆண்டுப் பங்குனி உத்திரத்துக்கு ஒரு கோயில் இப்படித்தான் அச்சிட்டிருக்கும். இதை ஆங்கிலமாக்க வேண்டியவர் முதலில் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பு அல்ல, கணக்கு. பங்குனி முதல் தேதி அந்த ஆண்டு எந்த ஆங்கிலத் தேதியில் வந்தது? தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவதை வைத்துப் பிறக்கிறது. சூரியன் மறைவதற்கு முன் அந்தப் பெயர்ச்சி நடந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்த பிறகு நடந்தால் மறுநாள். 2025இல் சூரியன் மீன ராசிக்குள் நுழைந்தது மார்ச் 14 மாலை, பொழுது சாய்ந்த பிறகு. அதனால் பங்குனி 1 என்பது மார்ச் 15. மார்ச் 15 முதல் 31 வரை 17 நாட்கள். இருபத்தெட்டில் 17 போக மீதி 11. ஆகப் பங்குனி 28 என்பது ஏப்ரல் 11.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை, எல்லாத் தமிழ் மாதமும் ஆங்கில மாதத்தின் 14ஆம் தேதியில் பிறக்கிறது என்று நினைத்துக்கொள்வது. சித்திரை ஏப்ரல் 14இல் பிறப்பதால் மனதில் அந்த எண் பதிந்துபோயிருக்கிறது. உண்மையில் மாசி பெரும்பாலும் பிப்ரவரி 13இல் பிறக்கும்; ஆடியும் ஆவணியும் 17ஐ ஒட்டிப் பிறக்கும். தமிழ் மாதங்களின் நீளமும் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். மேலே உள்ள வரியில் பங்குனி 1ஐ மார்ச் 14 என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை ஏப்ரல் 10 என்று வரும். அது வியாழக்கிழமை. அழைப்பிதழோ வெள்ளிக்கிழமை என்கிறது. இந்த இடத்தில்தான் கிழமையின் அருமை தெரிகிறது. தமிழ்க் கணக்குக்கும் ஆங்கிலக் கணக்குக்கும் பொதுவாக இருப்பது கிழமை ஒன்றுதான். தேதியை மாற்றிய பிறகு கிழமை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஒரு நாள் பிழை உடனே பிடிபட்டுவிடும். ஆங்கில வரியில் கிழமையை விட்டுவிடுகிறவர்கள் அந்தச் சோதனையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

தேதி கிடைத்துவிட்டது. இனி விழாப் பெயர். 'மார்ச் மாதப் பௌர்ணமித் திருவிழா' என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். இந்த ஒரு தொடரில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, விழா நடந்தது ஏப்ரலில். பங்குனியின் முதல் பாதி மார்ச்சிலும் மறு பாதி ஏப்ரலிலும் விழுவதால், உத்திரம் 2024இல் மார்ச் கடைசி வாரத்தில் வந்தது, 2025இல் ஏப்ரல் 11, 2026இல் ஏப்ரல் 1. இரண்டாவது, 2025இல் அன்று பௌர்ணமியே இல்லை. பௌர்ணமித் திதி ஏப்ரல் 12 விடியற்காலையில் தொடங்கி 13 விடியற்காலை வரை இருந்தது. உத்திர நட்சத்திரமோ 10ஆம் தேதி நண்பகலுக்குப் பின் தொடங்கி 11ஆம் தேதி பிற்பகலில் முடிந்துவிட்டது. 11ஆம் தேதி சூரிய உதயத்தில் உத்திரம் இருந்ததால் அன்று பங்குனி உத்திரம். பல்குனி என்ற நட்சத்திரப் பெயரிலிருந்து வந்ததுதான் பங்குனி என்ற மாதப் பெயர். அந்த மாதப் பௌர்ணமியை ஒட்டி அந்த நட்சத்திரம் வருவது இயல்பு. ஆனால் ஒட்டி வருவது வேறு, ஒன்றாக வருவது வேறு. கோயில் நாளைக் குறித்தது நட்சத்திரத்தை வைத்து. ஆங்கிலத்தில் பௌர்ணமி என்று எழுதினால், கோயில் வைத்த விதியை எடுத்துவிட்டு வேறொரு விதியை வைத்ததாகிவிடும்.

இந்த வேறுபாடு ஆடிப்பூரத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். அதுவும் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்த பெயர்தான். ஆனால் ஆடி மாதத்துப் பூரம் அமாவாசையை அடுத்த வளர்பிறையின் தொடக்க நாட்களில் வரும். 2025இல் ஜூலை 28இல் வந்தது; அமாவாசை ஜூலை 24. நட்சத்திரப் பெயரில் வரும் எல்லா விழாவும் பௌர்ணமி விழா என்று நினைத்து மொழிபெயர்ப்பவர் இங்கே வானத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார். ஆகவே பெயரைப் பார்த்ததும் அதில் எந்த வகை விதி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு, தைப்பொங்கல், சித்திரை முதல் நாள் ஆகியவை சூரிய மாதத் தேதியை வைத்தவை. ஆங்கிலத் தேதி ஒரு நாளுக்கு மேல் நகராது. ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3, பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. தைப்பூசம், வைகாசி விசாகம், பங்குனி உத்திரம் போன்றவை மாதமும் நட்சத்திரமும். சித்ரா பௌர்ணமி, ஆடி அமாவாசை போன்றவை மாதமும் திதியும். ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி போன்றவை மாதமும் கிழமையும். இவை ஒரு நாளாக இல்லாமல் அந்த மாதத்து எல்லா வாரமும் வரும். விளக்க வரியை எழுத இந்தப் பிரிவு ஒன்றே போதும். முதல் வகைக்கு 'தமிழ்ச் சூரிய மாதமான ஆடியின் 18ஆம் நாள்' என்று எழுதலாம். இரண்டாம் வகைக்கு 'பங்குனி மாதத்தில் சந்திரன் உத்திர நட்சத்திரத்தில் நிற்கும் நாள்' என்று எழுதலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அழைப்பிதழைப் படிக்கிறவர் வட இந்தியராகவோ வேறு மாநிலத்தவராகவோ இருக்கலாம். அவருக்குப் பங்குனி தெரியாது, ஆனால் பால்குனம், சைத்ரம், வைசாகம் தெரியும். நம் மாதப் பெயர்களுக்கு அந்த சமஸ்கிருத வடிவங்களைப் போட்டால் எல்லாருக்கும் புரியுமே என்பார்கள். பெயர்கள் உறவுள்ளவை என்பது உண்மைதான். ஆனால் அவை குறிக்கும் காலம் ஒன்றல்ல. அங்கே மாதம் அமாவாசையையோ பௌர்ணமியையோ வைத்துக் கணக்கிடப்படுகிறது. இங்கே சூரியனை வைத்து. விளைவைப் பாருங்கள். 2025இல் நம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் வந்த பௌர்ணமியை வட இந்தியப் பஞ்சாங்கங்கள் சைத்ர பூர்ணிமா என்றன; அங்கே அன்று அனுமன் ஜெயந்தி கொண்டாடினார்கள். நமக்கு அது இன்னும் பங்குனிதான். அதற்கு அடுத்த பௌர்ணமி மே 12. தமிழ்நாட்டில் அது சித்ரா பௌர்ணமி. வட இந்தியாவில் வைசாக பூர்ணிமா. இலங்கையில் அதே நாள் வெசாக் போயா. அதற்கும் அடுத்ததாக ஜூன் 9இல்தான் நம் வைகாசி விசாகம் வந்தது. வைகாசி, வைசாகம், வெசாக் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். ஆனால் யாழ்ப்பாணத்து முருகன் கோயில் ஒன்று வைகாசி விசாகத்துக்கு அச்சிடும் அழைப்பிதழில் ஆங்கிலப் பக்கத்தில் வெசாக் என்று போட்டிருந்தால், அதைப் படித்த சிங்கள நண்பர் நான்கு வாரம் முன்னதாக வந்து நின்றிருப்பார். போதாததற்கு 1957இல் இந்திய அரசு ஏற்ற தேசிய நாட்காட்டியிலும் சைத்ரம் இருக்கிறது; அது பெரும்பாலும் மார்ச் 22இல் தொடங்குகிறது. இப்படி ஒரே பெயருக்குப் பல கணக்குகள் இருக்கும்போது, புரியும் என்று நினைத்துப் போடும் சொல்தான் படிப்பவரை அதிகம் குழப்பும். சித்திரையைச் சித்திரை என்றே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால், அது வேறெந்தக் கணக்கோடும் மோதாது.

இன்னொரு மறுப்பு விழாக்களின் ஆங்கிலப் பட்டப்பெயர்களைப் பற்றியது. பொங்கலை அறுவடைத் திருநாள் என்றும் கார்த்திகை தீபத்தை விளக்குத் திருநாள் என்றும் ஆங்கிலத்தில் எழுதினால் வெளிநாட்டு விருந்தினருக்கு எளிதாகப் புரியும் என்பது. புரியும்தான், ஆனால் எது புரியும்? விளக்குத் திருநாள் என்ற ஆங்கிலத் தொடர் உலகம் முழுக்கத் தீபாவளிக்கு உரியதாகிவிட்டது. தீபாவளி ஐப்பசியில், தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. கார்த்திகை தீபம் அதற்கு அடுத்த மாதம், வளர்பிறை நிறையும் நேரத்தில், கிருத்திகை நட்சத்திரத்தில் வருவது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, திருவண்ணாமலை மகாதீபம் டிசம்பர் 13. ஆறு வார இடைவெளியுள்ள இரண்டு விழாக்களுக்கு ஒரே பெயரைப் போட்டால், தேடிப் பார்க்கிறவருக்கு வேறு நாள்தான் கிடைக்கும். பட்டப்பெயரை நான் முற்றிலும் தள்ளவில்லை. விளக்க வரியில் அதற்கு இடம் உண்டு; தலைப்பில் இடம் இல்லை. எழுத்துக்கூட்டலில் மட்டும், படிக்கிறவர் ஊரில் ஏற்கெனவே நிலைத்த வடிவம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. தைப்பூசம் மலேசியாவில் பல மாநிலங்களில் பொது விடுமுறை. அங்கே அரசுப் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டல் எல்லாருக்கும் பழக்கம். அதை மாற்றிப் புதிதாக ஒன்றை உண்டாக்குவதால் நாம் எதையும் சாதிக்கப்போவதில்லை.

ஆண்டின் பெயரிலும் ஒரு கவனம் வேண்டும். குரோதி என்பதை 2024 என்று மாற்றிவிட்டால் மேலே உள்ள நம் வரி ஓர் ஆண்டு பின்னால் போய்விடும். குரோதி 2024 ஏப்ரல் 14இல் தொடங்கி 2025 ஏப்ரல் 13இல் முடிந்தது. மார்கழியின் நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை எல்லா நாட்களும் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. அதனால் ஆண்டின் பெயரை ஆங்கிலப் பக்கத்தில் வைக்க விரும்புகிறவர்கள் அதற்கு நேராக 2024–25 என்று இரட்டை எண் போட வேண்டும். விழாவின் தேதியில் உரிய ஒற்றை ஆண்டு தனியாக நிற்க வேண்டும். தை மாதக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை ஐப்பசி, கார்த்திகையிலேயே அச்சுக்குப் போய்விடுவதால், நடப்பு ஆங்கில ஆண்டையே போட்டுவிடும் பிழை அந்த மாதத்துக்கு அதிகம் நேரும்.

கல்யாணப் பத்திரிகையில் இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறுகிறது. விடியற்காலை முகூர்த்தத்துக்கு 'ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள், காலை 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள்' என்று எழுதும் வழக்கம் இதனால்தான் வந்தது. தமிழில் அந்தச் சொற்றொடருக்குள் இரண்டு கணக்கும் சமாதானமாகிவிட்டன. ஆங்கிலமாக்குகிறவர் முதலில் வரும் ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு காலை 4.30 என்று எழுதினால் விருந்தினர் 24 மணி நேரம் முன்னதாக மண்டபத்துக்கு வருவார். ஆங்கிலத்தில் இதற்குத் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு, அதிகாலை என்ற சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். முந்தைய இரவு வரவேற்பு இருந்தால் அதைத் தனி வரியாக, ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு போட வேண்டும்.

இப்போது வலுவான மறுப்புக்கு வருகிறேன். விருந்தினருக்கு வேண்டியது தேதி, நேரம், இடம் மூன்றுதான். தேதி தெளிவாக இருந்தால் நட்சத்திரமும் மாதமும் யாருக்கு வேண்டும், ஏன் ஒரு வரியைக் கூட்ட வேண்டும் என்பது அது. வந்து சேர்வதற்கு மட்டும் என்றால் இது சரி. ஆனால் அழைப்பிதழ், எதற்காக அந்த நாள் என்பதையும் சொல்கிறது. ஏப்ரல் 11 என்று மட்டும் படித்தவர், அடுத்த ஆண்டும் ஏப்ரல் 11 என்று குறித்துவைத்துக்கொள்வார். ஆனால் 2026இல் அது ஏப்ரல் 1. டொராண்டோவில் இருக்கும் குடும்பம் அதே நாளை அங்கே கொண்டாட நினைத்தால் தேதி மட்டும் இருந்தால் உதவாது. உத்திரம் முடிந்த இந்தியப் பிற்பகல் நேரத்தில் டொராண்டோவில் 11ஆம் தேதி இன்னும் விடியவில்லை. அங்கே சூரிய உதயத்தில் உத்திரம் இருந்த நாள் ஏப்ரல் 10. பங்குனி மாதத்து உத்திரம் என்ற விதி கையில் இருக்கிறவர், தம் ஊர்ப் பஞ்சாங்கத்தையோ தம் ஊர்க் கோயிலையோ பார்த்து நாளைக் கண்டுகொள்ளலாம். தேதி மட்டும் இருக்கிறவருக்கு அந்த வழி இல்லை.

அதே நேரம் விதியை மட்டும் நம்பித் தேதியை விட்டுவிடவும் கூடாது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் கடக்க 27 நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. தமிழ் மாதமோ பெரும்பாலும் 30, 31 நாள். எனவே ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வரக்கூடும். அப்போது எந்த நாளில் விழா என்பதைக் கோயிலின் மரபு தீர்மானிக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே நட்சத்திரம் முடியும் நேரத்திலும் மாதப் பிறப்பிலும் வேறுபாடு வருவதும் உண்டு. மொழிபெயர்ப்பவர் தமக்குக் கிடைத்த ஏதோ ஒரு பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியைத் திருத்தக் கூடாது. அழைப்பவர் எந்த நாளைக் குறித்தாரோ அந்த நாள்தான். கணக்கும் அழைப்பிதழும் ஒத்துப்போகவில்லை என்றால் அழைப்பவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஆக நம் மாதிரி வரி ஆங்கிலப் பக்கத்தில் மூன்று வரிகளாக நிற்கும். முதல் வரியில் பங்குனி உத்திரத் திருக்கல்யாணம், பங்குனியும் உத்திரமும் ஆங்கில எழுத்தில் அப்படியே. இரண்டாம் வரியில் வெள்ளிக்கிழமை, 11 ஏப்ரல் 2025, நேரம். மாதத்தை எண்ணால் குறிக்காமல் சொல்லால் எழுத வேண்டும், இல்லையென்றால் 11.04 என்பதை அமெரிக்காவில் இருப்பவர் நவம்பர் 4 என்று படிப்பார். மூன்றாம் வரியில், சிறிய எழுத்தில், தமிழ்ச் சூரிய ஆண்டின் கடைசி மாதமான பங்குனியில் சந்திரன் உத்திர நட்சத்திரத்தில் நிற்கும் நாள் என்ற விளக்கமும், குரோதி ஆண்டு 2024–25, பங்குனி 28 என்ற குறிப்பும். அச்சுக்கு அனுப்பும் முன் தினசரிக் காலண்டரின் ஏப்ரல் 11ஆம் தேதித் தாளைப் பார்த்தால் போதும். பங்குனி 28, வெள்ளி, உத்திரம் மூன்றும் அந்த ஒரே தாளில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் ஆங்கில வரியில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.